பதினெட்டு கலோரி

ஓர் உணவுப் பொருளின் உறையில் 'சர்க்கரை குறைவு' என்று அச்சிட இந்தியாவில் எல்லை வகுத்திருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, திட உணவென்றால் 100 கிராமில் சர்க்கரை 5 கிராமைத் தாண்டக் கூடாது. அதே விதிமுறையில் 'கலோரி குறைவு' என்று போட்டுக்கொள்ளவும் ஓர் எல்லை இருக்கிறது. அது 100 கிராமுக்கு 40 கிலோ கலோரி. இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. முதல் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கிய பண்டம் இரண்டாவதில் பத்து மடங்கு தள்ளி விழலாம். புரோட்டீன் பார் என்று விற்கும் பண்டங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் விழுகின்றன.

பாலக்கோட்டிலும் அரூர் பக்கம் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் தர்மபுரி. கரும்பு விளையும் ஊர்க்காரர்களுக்குச் சர்க்கரை மேல் பயம் வராது என்று நினைத்தால் தப்பு. வீட்டுக்கு ஒருவராவது நீரிழிவு மாத்திரை போடுகிற காலம் இது. மெடிக்கல் கடைகளில் குளுக்கோஸ் டப்பாவுக்குப் பக்கத்திலும், ஜிம்களின் வாசல் மேசையிலும் இந்த பார்கள் உட்கார்ந்திருக்கின்றன. வாங்குகிறவர்கள் இரண்டு வகை. உடம்பு ஏற்ற வேண்டும் என்கிற இளைஞர்கள் ஒரு பக்கம், உடம்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்த நடுவயதுக்காரர்கள் மறுபக்கம். நேர் எதிரான இரண்டு காரியங்களுக்கு ஒரே பண்டத்தை வாங்கும்போது, அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கூட்டிப் பார்ப்பது நல்லது.

கணக்குக்காக ஒரு பாரை எடுத்துக்கொள்வோம். எந்த நிறுவனத்துடையதும் அல்ல. இந்த ரகத்தில் வழக்கமாகக் காணப்படும் அளவுகளை வைத்து நான் அமைத்துக்கொண்ட மாதிரி. எடை 60 கிராம். பின்பக்க அட்டவணையில் புரதம் 20 கிராம், கொழுப்பு 11 கிராம், மொத்த மாவுச்சத்து 22 கிராம் என்று இருக்கிறது. அந்த 22 கிராமுக்குள் சர்க்கரை 2, நார்ச்சத்து 5, சர்க்கரை ஆல்கஹால் 11 கிராம். மீதி 4 கிராம் சாதாரண மாவு. இவை போக உள்ள 7 கிராம் ஈரமும் தாது உப்பும். 60 கிராமில் 2 கிராம் சர்க்கரை என்றால் 100 கிராமுக்கு 3.3 கிராம்தான். ஆகவே 'சர்க்கரை குறைவு' என்ற பட்டம் சட்டப்படி இதற்குச் செல்லும். பொய் ஒன்றும் இல்லை.

இனி கலோரி. புரதம் கிராமுக்கு 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9 என்ற வாய்ப்பாடு பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் பெரிய அறை போன்ற கலோரிமானிக்குள் ஆட்களை நாள்கணக்கில் தங்கவைத்து, தின்றதையும் கழித்ததையும் வெளிவிட்ட வெப்பத்தையும் அளந்து வந்தார். அந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்த சராசரிதான் இந்த எண்கள். நம் மாதிரியில் புரதத்துக்கு 80, கொழுப்புக்கு 99, சர்க்கரைக்கு 8, மாவுக்கு 16. நார்ச்சத்துக்குக் கிராமுக்கு 2 வீதம் 10. சர்க்கரை ஆல்கஹாலுக்கு ஐரோப்பியக் கணக்குப்படி கிராமுக்கு 2.4 வீதம் 26. மொத்தம் 239 கிலோ கலோரி. பேச்சு வழக்கில் நாம் கலோரி என்பது இந்தக் கிலோ கலோரியைத்தான். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

100 கிராமுக்கு மாற்றினால் ஏறத்தாழ 398. சட்டம் சொல்லும் 'கலோரி குறைவு' எல்லையைப் போலப் பத்து மடங்கு. கூட்டலில் சர்க்கரையின் பங்கு வெறும் 8 கலோரி என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிற அந்தச் சரக்கு நூற்றுக்கு மூன்று பங்குதான். கொழுப்பு மட்டும் நாற்பது பங்குக்கு மேல்.

சர்க்கரையை எடுத்ததால் எவ்வளவு மிச்சமாயிற்று என்பதும் இந்த எண்களிலேயே இருக்கிறது. அந்த 11 கிராம் சர்க்கரை ஆல்கஹால் இருக்கும் இடத்தில் அதே எடைக்குச் சாதாரணச் சர்க்கரையைப் போட்டிருந்தால் 44 கலோரி வந்திருக்கும். இப்போது 26. ஆக, மிச்சம் 18 கலோரி. 'சர்க்கரை குறைவு' என்ற அத்தனை பெரிய எழுத்துக்கும் கலோரிக் கணக்கில் உள்ள முழு மதிப்பு இதுதான். ஒரு டீஸ்பூன் சர்க்கரையை ஒட்டி வரும். கொழுப்பில் சொன்னால் 2 கிராம். நிலக்கடலையில் சொன்னால் மூன்று கிராம், அதாவது ஆறேழு பருப்பு. செய்முறையில் ஆறேழு கடலைப் பருப்பு கூட விழுந்தால் சர்க்கரையை நீக்கியதன் லாபம் போயிற்று.

சர்க்கரையைக் குறைத்ததால் எந்தப் பயனும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பல்லுக்கு நல்லது, சாப்பிட்டவுடன் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸும் குறையும். நீரிழிவு உள்ளவருக்கு அது சின்ன விஷயமில்லை. எடையைக் குறைக்க நினைக்கிறவர் வாங்குவது அந்த நன்மையை அல்ல, கலோரிக் குறைவை. அதுதான் இங்கே அநேகமாக இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதலிலும், சர்க்கரை இல்லை என்று விற்கும் உணவுகளில் கொழுப்பு நிறைந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது.

சர்க்கரை ஆல்கஹால் என்ற பெயரைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். சாராயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, போதை வராது. பெரும்பாலும் சர்க்கரை மூலக்கூற்றில் ஹைட்ரஜனைச் சேர்த்துச் செய்யும் ஒரு வகை இனிப்பு இது. மால்டிடால், சார்பிடால், சைலிடால், எரித்ரிடால் என்று ஒரு குடும்பமே உண்டு. பார்களில் அடிக்கடி காணப்படுவது மால்டிடால். சர்க்கரையின் இனிப்பில் பத்தில் ஒன்பது பங்கு இதற்கு உண்டு, பாகு போலக் காய்ச்சவும் வரும். உறையில் பெயரில்லாமல் 'இனிப்பூட்டி, ஐ.என்.எஸ். 965' என்று எண் மட்டும் இருந்தாலும் அது மால்டிடால்தான். 420 என்றால் சார்பிடால், 967 சைலிடால், 968 எரித்ரிடால்.

மால்டிடால் வயிற்றுக்குள் போனதும் ஒரு பகுதி சிறுகுடலில் உடைந்து குளுக்கோஸும் சார்பிடாலும் ஆகிறது. அந்தக் குளுக்கோஸ் வழக்கம்போல ரத்தத்தில் கலக்கும். ஆகவே ரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறும் என்றாலும், ஏறாமல் இருக்காது. உடையாத பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. அவை அதைப் புளிக்கவைத்துக் குட்டையான கொழுப்பு அமிலங்களாக மாற்ற, அவற்றைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. சர்க்கரை ஆல்கஹாலின் கலோரியில் ஒரு பங்கு இப்படிப் பின்வாசல் வழியாக உடம்புக்கு வருகிறது. வழியில் கொஞ்சம் வீணாவதால்தான் கிராமுக்கு 4 என்பது 2.4 ஆகக் குறைகிறது. அமெரிக்காவில் மால்டிடாலுக்கு 2.1 என்று வைத்திருக்கிறார்கள். எப்படி வைத்தாலும் பூஜ்யம் இல்லை.

புளிக்கும்போது வாயு உண்டாகும். உறிஞ்சப்படாத மால்டிடால் குடலுக்குள் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். ஒரே வேளையில் இரண்டு பார் தின்றவருக்கு வயிறு பொருமி, கழிப்பறைக்கு ஓட நேர்வது இதனால்தான். பத்து சதவீதமோ அதற்கு மேலோ சர்க்கரை ஆல்கஹால் இருந்தால், பேதியாகலாம் என்ற எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என்று நம் விதிமுறை சொல்கிறது. நம் மாதிரியில் 60க்கு 11, அதாவது 18 சதவீதம். ஆகவே அந்த வரி இருந்தாக வேண்டும். இதில் வாங்குகிறவருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. அட்டவணையில் சர்க்கரை ஆல்கஹாலுக்குத் தனி வரி இல்லாத பார்கள் உண்டு. அங்கே இந்த எச்சரிக்கை கண்ணில் பட்டால், பத்தில் ஒரு பங்காவது அந்தச் சரக்கு இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு ஆள் கிளிசரின். எண் 422. பார் காய்ந்து போகாமல் மெத்தென்று இருப்பதற்காகச் சேர்ப்பது. வேதியியலில் இதுவும் ஆல்கஹால்தான், சர்க்கரை அல்ல. அதனால் சர்க்கரை என்ற வரியில் இது விழாது. ஆனால் குடல் இதை ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சிக்கொள்கிறது. கிராமுக்கு 4.3 கலோரி, சர்க்கரையைவிட ஒரு முடி அதிகம். நம் மாதிரியில் சொன்ன 11 கிராமில் 4 கிராம் கிளிசரின் என்று வைத்துக்கொண்டால், அதற்கும் 2.4 என்று போட்டது தப்பாகிவிடும். சரியாகக் கூட்டினால் 8 கலோரி ஏறும். பதினெட்டு பத்தாகிவிட்டது.

கொழுப்பு ஏன் இவ்வளவு? கம்பெனிக்காரர்கள் ருசிக்காக அள்ளிப் போடுகிறார்கள் என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி பாரைக் கட்டுகிற வேலையில் இருக்கிறது.

கடலை மிட்டாயைப் பிடித்து நிறுத்துவது வெல்லப்பாகு. பாகு பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறித் தட்டினால் இறுகி நின்றுவிடும். புரோட்டீன் பாரில் அந்தப் பாகு இல்லை. அதன் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு எடைக்குப் பால் புரதப் பொடியோ சோயாப் பொடியோ கொட்டியிருக்கிறார்கள். புரதப் பொடி ஈரத்துக்குப் பேராசை பிடித்தது. சுற்றியிருக்கும் பாகிலிருந்து தண்ணீரை இழுத்து இழுத்து, சில மாதங்களில் பாரைச் செங்கல்லாக்கிவிடும். தொழிற்சாலையில் இதற்கு 'ஹார்டனிங்' என்று பெயர். காலாவதி நாளுக்கு முன்பே கடிக்க முடியாமல் போவது இந்தத் தொழிலின் நிரந்தரத் தலைவலி. மால்டிடால் பாகும் கிளிசரினும் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொள்வதால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மீதியைக் கொழுப்புதான் செய்கிறது. அரைத்த கடலை, பாதாம் விழுது, தாவர எண்ணெய் ஏதாவது ஒன்று புரதத் துகள்களின் மேல் படர்ந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டி இறுகாமல் தடுக்கிறது. பொடியின் மாவு மாவான சுவையை நாக்குக்குத் தெரியாமல் மறைப்பதும் அதுவே. மேலே சாக்லேட் பூச்சு இருந்தால் அதிலும் பெரும்பங்கு கொழுப்பு. அந்தப் பூச்சுக்குப் பல பார்களில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற மலிவான கெட்டிக் கொழுப்பைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் கடை அலமாரியிலேயே உருகி, இரவில் மறுபடி உறைந்து, மேலே வெள்ளை பூத்த மாதிரி சில பார்கள் கிடைக்கின்றன. அந்த வெள்ளை பூசணம் அல்ல. உருகிய கொழுப்பு மேலே வந்து படிகமாகியிருக்கிறது.

ஆக, சர்க்கரையை எடுத்தால் ஏதாவது ஒன்று அந்த இடத்தையும் வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையிடம் இருந்து வாங்கிய வேலையைக் கிராமுக்கு 9 கலோரி உள்ள ஆளிடம் கொடுத்தால் கூலி ஏறத்தான் செய்யும்.

பாதாம், கடலை வகையறாவுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. கலோரியை எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள் அதைச் சந்தோஷமாகச் சொல்வார்கள். முழுப் பருப்பாகத் தின்றால் அதிலுள்ள கொழுப்பு முழுவதும் உடம்பில் சேராது என்பதே அது. இது உண்மை. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் டேவிட் பேயரும் ஜேனட் நொவோட்னியும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குப் பாதாம் கொடுத்து, கழித்ததையெல்லாம் சேகரித்து அளந்தார்கள். 28 கிராம் பாதாமுக்கு அட்வாட்டர் கணக்கு 170 கலோரி அளவில் சொல்ல, உடம்பு எடுத்துக்கொண்டதோ 129தான். காரணம் பற்களிடம் இருக்கிறது. நாம் எவ்வளவு மென்றாலும் பருப்பின் செல்சுவர்கள் எல்லாம் உடைவதில்லை. உடையாத செல்லுக்குள் அடைபட்ட எண்ணெயைக் குடல் தொட முடியாமல் அது அப்படியே வெளியேறிவிடுகிறது.

இதே குழுவினர் சில ஆண்டுகள் கழித்துப் பாதாமை வறுத்தும் நறுக்கியும் விழுதாக அரைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுதாகவும் நறுக்கியும் கொடுத்தபோது கலோரி குறைந்தது. விழுதில் மட்டும் வாய்ப்பாடு சொன்ன எண்ணே ஏறக்குறைய வந்தது. ஆலையின் அரவைக் கல் பற்களால் முடியாததைச் செய்துவிடுகிறது. பாரில் சேரும் பருப்பில் பெரும்பகுதி விழுதாகவோ பொடியாகவோதான் சேர்கிறது. மேலே தெரியும் நாலு பாதாம் துண்டுகள் கண்ணுக்கு. கணக்குக்கு உள்ளே உள்ள விழுது. ஆகவே 'பருப்புக் கொழுப்பு முழுதாகச் சேராது' என்ற சலுகையை நிலக்கடலை வறுத்துத் தின்கிறவர் கோரலாம். பார் தின்கிறவருக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

கடையில் நின்றபடி உறையைச் சரிபார்க்க, அட்டவணையில் உள்ள கலோரி எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம், சந்தேகிக்கவும் வேண்டாம். ஒரு மேல்வரம்பும் ஒரு கீழ்வரம்பும் போட்டுப் பார்த்தால் போதும். மேல்வரம்புக்கு எல்லா மாவுச்சத்தையும் சர்க்கரையாகவே நினைத்துக் கிராமுக்கு 4 போடுங்கள். மாதிரி பாரில் 80, 99, 88 சேர்ந்து 267. கீழ்வரம்புக்கு நார்ச்சத்தையும் சர்க்கரை ஆல்கஹாலையும் கழித்துவிட்டு, மீதி 6 கிராம் மாவுச்சத்துக்கு மட்டும் 24 போடுங்கள். 203 வரும். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். உறையில் 239 போலிருந்தால் ஒழுங்காகக் கூட்டியிருக்கிறார்கள். 205 என்று கீழ்வரம்பை ஒட்டி இருந்தால், சர்க்கரை ஆல்கஹாலுக்கும் நாருக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 180 என்று இருந்தால், புரதம், கொழுப்பு, கலோரி மூன்றில் ஏதோ ஒன்று தவறாக அச்சாகியிருக்கிறது. புரதமும் கொழுப்பும் மட்டுமே 179 ஆகிவிட்டதே! அரிதாக, உடம்பில் சேராதபடி மாற்றியமைத்த கொழுப்பைப் பயன்படுத்தும் வெளிநாட்டு பார்கள் இந்தக் கீழ்வரம்பைச் சட்டப்படியே மீறும். அப்படியானால் அந்தக் கொழுப்பின் பெயர் சேர்மானப் பட்டியலில் இருக்கும்.

கூட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று, எண்கள் எதற்கு உரியவை என்பது. 100 கிராமுக்கா, ஒரு பாருக்கா, ஒரு 'பரிமாறும் அளவு'க்கா? 60 கிராம் பாரின் உறையில் பரிமாறும் அளவு 30 கிராம் என்று போட்டிருந்தால், கலோரி 120 என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும். பாதி பாரைக் கடித்துவிட்டு மீதியைப் பத்திரமாகச் சுருட்டி வைக்கும் மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. சேர்மானப் பட்டியல் எடை அதிகமுள்ளதிலிருந்து குறைவானதற்கு இறங்குவரிசையில் இருக்கும். முதல் நான்கு பெயர்களுக்குள் பருப்பு விழுதோ எண்ணெயோ மால்டிடாலோ வந்துவிட்டால், கலோரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். 'நெட் கார்ப்' என்று சில உறைகளில் முன்பக்கத்தில் ஓர் எண் இருக்கும். மாவுச்சத்திலிருந்து நாரையும் சர்க்கரை ஆல்கஹாலையும் மொத்தமாகக் கழித்து எழுதுவது அது. நம் மாதிரிக்கு 6 என்று வரும். கழித்த 16 கிராமிலிருந்து வரும் 36 கலோரி காற்றில் போய்விடவில்லை.

சந்தேகம் வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பலாமே என்று கேட்கலாம். பக்கத்தில் சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் ஆய்வகமும் ஒரு சிக்கலில் மாட்டும். நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதம் கண்டுபிடிப்பார்கள். கொழுப்பைக் கரைப்பானில் இறக்கி எடுப்பார்கள். உலர்த்தினால் ஈரமும் எரித்தால் சாம்பலும் தெரியும். மாவுச்சத்தை வழக்கமான பரிசோதனையில் நேராக அளப்பதில்லை. நூறிலிருந்து மற்ற நான்கையும் கழித்து வரும் மீதியே மாவுச்சத்து என்று எழுதிவிடுவார்கள். அந்த மீதிக்குள் சர்க்கரை, மாவு, நார், மால்டிடால், கிளிசரின் எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடக்கும். அதற்கு மொத்தமாக 4 போட்டால் நம் மாதிரிக்கு 267 என்று அறிக்கை வரும். உறையில் 239. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று கிளம்பினால், கம்பெனி பக்கம்தான் நியாயம் இருக்கும். சர்க்கரைகளையும் சர்க்கரை ஆல்கஹால்களையும் பெயர்வாரியாகப் பிரித்துக் காட்ட, நிறப்பிரிகைக் கருவியில் தனியாக ஒரு சோதனை செய்ய வேண்டும். நாருக்கு வேறொரு சோதனை. அந்த இரண்டும் இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு இந்த ரக பார்களின் கலோரியைப் பற்றி யாராவது சத்தம் போட்டால், முதலில் மாவுச்சத்து எப்படி வந்தது என்று கேளுங்கள்.

கடலை மிட்டாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். நாங்கள் விளைவிக்கிற சரக்கு என்பதால் கொஞ்சம் பாரபட்சம் எனக்கு உண்டு. ஆனால் எண்கள் என் பக்கம் முழுதாக நிற்கவில்லை. அறுபதுக்கு நாற்பது என்று கடலையும் வெல்லமும் சேர்த்த 60 கிராம் மிட்டாயில் கடலை 36 கிராம், வெல்லம் 24 கிராம். புரதம் 9 கிராம், கொழுப்பு 17 கிராம், சர்க்கரை இருபதுக்கு மேல். மொத்தம் 300 கலோரி வரும். பாரைவிட 60 அதிகம். ஆனால் அந்த 60 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். மிட்டாயில் கொழுப்பு 6 கிராம் கூடுதல் என்பதால் மட்டுமே 54 வந்துவிடுகிறது. பாரில் புரதம் கூடுதல், மிட்டாயில் சர்க்கரை கூடுதல். இரண்டுமே கிராமுக்கு 4தான், அதனால் பெருமளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. பார் கொஞ்சம் இலேசாக இருப்பதற்குச் சர்க்கரைக் குறைவு பெரிய காரணமில்லை. பார் உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் புரதம். 20 கிராமுக்கு 9 என்பது பெரிய வித்தியாசம். அதற்காக வாங்குகிறவர் ஏமாறவில்லை.

'புரதம் நிறைந்தது' என்ற பட்டத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 100 கிராமில் அன்றாடத் தேவையின் ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருக்க வேண்டும். வளர்ந்த ஆணுக்கு நாளைக்கு 54 கிராம் என்ற கணக்கில் அது 11 கிராமுக்குள். கடலை மிட்டாயில் 100 கிராமுக்கு 15 இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் கடலை மிட்டாயும் தேறும். யாரும் அப்படி அச்சிட்டு இரண்டு ரூபாய் மிட்டாயை எண்பது ரூபாய்க்கு விற்கத் துணியவில்லை, அவ்வளவுதான்.

போலீஸ் தேர்வுக்காகக் காலையில் மைதானத்தில் ஓடுகிற தம்பி ஒருவர், ஓடி முடித்ததும் ஒரு பார் தின்பதை வழக்கமாக வைத்திருந்தார். எடை குறையவில்லை என்பது அவருடைய குறை. "சுகர் இல்லைன்னுதானேண்ணா போட்டிருக்கு, அப்புறம் எப்படி ஏறும்?" என்றார். ஓடுகிற செலவைத் தோராயமாகக் கணக்கிட, உடம்பு எடை கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி என்று வைத்துக்கொள்வார்கள். அவர் 60 கிலோ. தேர்வில் ஓட வேண்டிய 1500 மீட்டருக்கு அவர் செலவழிப்பது 90 கலோரி. பாரில் வருவது 239. அந்த ஒரு பாருக்கே நாலு கிலோமீட்டர் ஓட வேண்டும். சர்க்கரையை நீக்கியதால் மிச்சமான 18 கலோரிக்கு 300 மீட்டர் போதும், மைதானத்தில் முக்கால் சுற்று. "அப்ப இதைச் சாப்பாட்டுக்குப் பதிலாத்தான் தின்னணும், சாப்பாட்டோட சேர்த்து இல்லை, அப்படித்தானே?" என்று அவரே கேட்டார். அப்படித்தான். காலையில் இட்லியும் தின்று, அதன்மேல் பாரும் தின்றால் அது பலகாரக் கணக்கில் சேரும்.

எரித்ரிடால் போட்ட பார்கள் பற்றியும் கேட்டார். இந்தக் குடும்பத்தில் உண்மையிலேயே கலோரி இல்லாத பிள்ளை அதுதான். சிறுகுடலிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டு, உடம்பால் எரிக்கப்படாமல் சிறுநீரில் அப்படியே போய்விடுகிறது. பெருங்குடல் வரை அதிகம் போகாததால் வயிற்றையும் மால்டிடால் அளவுக்குப் படுத்தாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்குப் பூஜ்யம் என்றே கணக்கு. ஆனால் இது பாகாக நிற்காது, ஆறினால் படிகமாகி நறநறக்கும். அதனால் முழுவதையும் எரித்ரிடாலாக மாற்றுவது செய்கிறவர்களுக்குச் சிரமம், கொஞ்சம் மால்டிடாலோ நார்ப்பாகோ கூட வரும். மாற்றிவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் நம் மாதிரியில் 239 என்பது 213 ஆகும். புரதமும் கொழுப்பும் அசையாமல் அப்படியே இருக்கின்றன.

ஒரு பாருக்கான கலோரியை நிஜமாகவே கீழே இறக்கும் வழி இன்னொன்று இருக்கிறது, அதைச் சில நிறுவனங்கள் செய்கின்றன. பாரின் எடையை 60லிருந்து 40 கிராமாக்குவது. 239 என்பது 159 ஆகிவிடும், சேர்மானத்தில் ஒரு துளி மாற்றமும் வேண்டாம். புரதமும் 20லிருந்து 13க்கு இறங்கும் என்பதை முன்பக்கம் பெரிய எழுத்தில் சொல்லாது. இரண்டு பார்களை ஒப்பிடும்போது ஒரு பாருக்கான எண்ணை மறைத்துக்கொண்டு 100 கிராமுக்கான பத்தியை மட்டும் பாருங்கள். அங்கே இரண்டுமே 398தான்.